மூடிய கலத்தில் சுண்ணாம்புக்கல்: அழுத்தம் எதைப் பொறுத்தது, கல் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: "காற்று நீக்கிய 10 லிட்டர் மூடிய கலத்தில் 20 கிராம் CaCO₃ எடுத்து 800 °C-க்குச் சூடாக்குகிறோம். Kp = 1.16 வளிமண்டலம். எவ்வளவு சிதையாமல் மிஞ்சும் என்பது கணக்கு, விடை சுமார் 34%. 20-க்குப் பதில் 40 கிராம் போட்டாலும் அழுத்தம் அதே 1.16 தான் என்கிறார் எங்கள் சார். இரண்டு மடங்கு கல் போட்டால் இரண்டு மடங்கு வாயு வர வேண்டாமா?"

உங்கள் சார் சொன்னது சரி. ஆனால் அதில் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது: கலத்துக்குள் கார்பனேட், ஆக்சைடு இரண்டு திண்மங்களும் கொஞ்சமாவது இருக்கும் வரைதான் அழுத்தம் 1.16. இந்த நிபந்தனையைப் பிடித்துக்கொண்டால் 40 கிராம் கேள்வி மட்டுமல்ல, இந்த வகைக் கணக்கில் எப்படித் திருப்பிக் கேட்டாலும் சமாளித்துவிடலாம். தேர்வில் பிள்ளைகள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த நிபந்தனையைச் சரிபார்க்காததால்தான்.

முதலில் காரணம். CaCO₃ ⇌ CaO + CO₂ என்ற வினை திண்மத்தின் உள்ளே எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. கார்பனேட்டும் புதிதாக உண்டான ஆக்சைடும் ஒட்டிக்கொண்டிருக்கும் எல்லையில் நடக்கிறது. அந்த எல்லையிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. அதே எல்லையில் வந்து மோதும் மூலக்கூறுகளில் ஒரு பங்கு ஆக்சைடோடு சேர்ந்து மறுபடி கார்பனேட் ஆகிறது. நீங்கள் கல்லை இரண்டு மடங்காக்கினால் எல்லைப் பரப்பும் கூடும், வாயு வெளியேறும் வேகமும் கூடும். ஆனால் திரும்பிச் சேரும் வேகமும் அதே பரப்பைப் பொறுத்ததுதான். இரண்டு பக்கமும் ஒரே அளவில் கூடுவதால் பரப்பு அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது ஒன்றுதான்: வெளியே இருக்கும் வாயுவின் அழுத்தம். அது ஒரு குறிப்பிட்ட அளவை எட்டும்போது போவதும் வருவதும் சமமாகிவிடும். மூடிய பாட்டிலில் கால்வாசி தண்ணீர் இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் நீராவியின் அழுத்தம் ஒன்றே என்பது உங்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே நியாயம்தான். Kp கோவையில் திண்மங்களை எழுதாமல் Kp = P என்று மட்டும் எழுதுவதற்கும் இதுதான் காரணம்; 'திண்மத்தின் கிளர்வு நிறை 1' என்று மனப்பாடம் செய்ததற்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான். இரண்டு மடங்கு கல் போட்டால் சமநிலைக்கு இன்னும் சீக்கிரம் போய்ச் சேரலாம். போய்ச் சேரும் இடம் மாறாது.

சரி, கணக்குக்கு வருவோம். சமநிலையில் கலத்தில் எத்தனை மோல் வாயு இருக்கும் என்பதைக் கண்டுபிடித்தால் போதும். வெப்பநிலை 1073 கெல்வின், R = 0.0821. RT சுமார் 88.1. அழுத்தத்தை இதால் வகுத்தால் 1.16 / 88.1 = 0.01317. அதாவது கலத்தின் ஒவ்வொரு லிட்டரும் 0.01317 மோல் கார்பன் டை ஆக்சைடைத் தாங்கும். Kc என்று புத்தகம் சொல்வது இந்த எண்ணைத்தான். இதை முதலில் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது வசதி, ஏனென்றால் பிறகு எந்தக் கன அளவு கொடுத்தாலும் பெருக்கிவிட்டுப் போய்விடலாம். 10 லிட்டருக்கு 0.1317 மோல். ஒரு மோல் வாயு வர ஒரு மோல் கார்பனேட் போக வேண்டும், ஆகவே சிதைந்த கார்பனேட் 0.1317 மோல், கிட்டத்தட்ட 13.2 கிராம். நீங்கள் போட்டது 20 கிராம், மீதி 6.8 கிராம். 20-இல் 6.8 என்பது 34%. விடை வந்துவிட்டது.

இப்போது 40 கிராம். கலம் அதே 10 லிட்டர், வெப்பநிலை அதே. கலம் நிறையத் தேவைப்படும் வாயு அதே 0.1317 மோல். அதனால் சிதைவதும் அதே 13.2 கிராம்தான், 26.8 கிராம் அப்படியே கிடக்கும். சதவீதத்தில் சொன்னால் 67% மிச்சம். அழுத்தம் மாறவில்லை, சிதைந்த அளவும் மாறவில்லை, மாறியது சதவீதம் மட்டும். 'சதவீதச் சிதைவு' என்ற எண்ணுக்கு இங்கே தனியான வேதியியல் அர்த்தம் ஏதும் இல்லை, அது நீங்கள் எவ்வளவு அள்ளிப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது என்பதை இதிலிருந்து பார்க்கலாம்.

நிபந்தனை மீறப்படுவது குறைவாகப் போடும்போது. 10 கிராம் எடுத்தால் உள்ளே இருப்பதே 0.1 மோல். முழுவதும் சிதைந்தாலும் 0.1317 மோல் வராது. அப்போது அழுத்தம் 0.1 × 88.1 / 10, அதாவது சுமார் 0.88 வளிமண்டலத்தில் நின்றுவிடும். அங்கே சமநிலையே இல்லை. கார்பனேட் தீர்ந்துபோனது, கலத்தில் ஆக்சைடும் வாயுவும் மட்டும் இருக்கின்றன. இந்த நிலையில் Kp-யைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டால் '3.2 கிராம் கடன்' என்று கழித்தல் குறியோடு விடை வரும், அது வந்தால் உடனே புரிந்துகொள்ள வேண்டும். ஆக, இந்தக் கலத்துக்கு எல்லைக்கோடு 13.2 கிராம். அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அழுத்தம் 1.16, அதற்குக் கீழே போட்டால் போட்டதற்கு ஏற்ற அழுத்தம். கேட்டீர்களே, 'இரண்டு மடங்கு கல்லுக்கு இரண்டு மடங்கு வாயு வர வேண்டாமா' என்று. 3 கிராமை 6 கிராம் ஆக்கினால் அப்படித்தான் வரும். உங்கள் உள்ளுணர்வு தப்பில்லை, அது வேறு பகுதிக்குச் சொந்தமானது.

கலத்தைப் பெரிதாக்கினாலும் இதே கோடுதான் நகர்கிறது. 20 கிராமை 12 லிட்டரில் வைத்தால் 15.8 கிராம் சிதையும், அழுத்தம் 1.16. 15.2 லிட்டர் வரும்போது 20 கிராமும் சரியாகத் தீர்ந்துவிடும். அதற்கு மேல் பெரிதாக்கினால் சாதாரண வாயுவைப் போல அழுத்தம் இறங்கத் தொடங்கும். கணக்கில் நகரும் தண்டு பொருத்திய கலம் என்று கொடுத்து, 'எந்தக் கன அளவில் அழுத்தம் அதிகபட்சமாக இருக்கும்போது கன அளவும் அதிகபட்சமாக இருக்கும்' என்று சுற்றி வளைத்துக் கேட்பார்கள். கேட்பது இந்த 15.2 லிட்டரைத்தான்.

'எவ்வளவு திண்மம் மிஞ்சும்' என்ற சொற்றொடரில் ஒரு பொறி உண்டு. சிதையாத கார்பனேட் 6.8 கிராம். ஆனால் கலத்தின் அடியில் கிடக்கும் திண்மம் அவ்வளவு மட்டுமல்ல; 0.1317 மோல் சுட்ட சுண்ணாம்பும் கூடவே கிடக்கிறது, அது 7.4 கிராம். இரண்டும் சேர்ந்து 14.2 கிராம். போட்ட 20 கிராமிலிருந்து வெளியேறிய வாயுவின் எடை 5.8 கிராமைக் கழித்தாலும் இதே எண் வரும், அதை ஒரு சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளலாம். கேள்வியில் 'சிதையாத கால்சியம் கார்பனேட்' என்று இருக்கிறதா, 'எஞ்சிய திண்மம்' என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கலம் காலியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். உள்ளே ஏற்கெனவே கார்பன் டை ஆக்சைடு இருந்து, 800 °C-இல் அதன் அழுத்தம் 0.50 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல் தர வேண்டியது மீதி 0.66 மட்டும், சிதைவது 7.5 கிராமோடு நின்றுவிடும். முதலிலேயே 1.16-க்கு மேல் இருந்தால் கல் சிதையவே சிதையாது. ஆனால் உள்ளே இருப்பது காற்று என்றால் கதை வேறு. நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்த வினையில் தலையிடுவதில்லை. அறை வெப்பநிலைக் காற்றோடு மூடிச் சூடாக்கினால் அந்தக் காற்றின் அழுத்தமே சுமார் 3.6 வளிமண்டலம் ஆகிவிடும். அதற்கு மேல் 1.16 சேர்ந்து அழுத்தமானி 4.7-ஐ ஒட்டிக் காட்டும். கார்பன் டை ஆக்சைடின் பங்கு மட்டும் அதே 1.16. மொத்த அழுத்தத்தை Kp என்று எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தப்பு.

இதுவரை சொன்னது உறுதியானது. தர்க்கத்திலும் அளவீட்டிலும் நின்ற விஷயம். இனிச் சொல்லப்போவது அந்த 1.16 என்ற எண்ணைப் பற்றி. கணக்குக்கு அது கொடுக்கப்பட்ட எண், கேள்வி கேட்காமல் அப்படியே போட்டுவிட வேண்டும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் 800 °C-இல் உண்மையான சுண்ணாம்புக்கல்லின் சிதைவு அழுத்தம் அது அல்ல. நவீன அளவீடுகள் அதைச் சுமார் 0.22 வளிமண்டலம் என்று வைக்கின்றன. ஒரு வளிமண்டலத்தை எட்டவே ஏறக்குறைய 895 முதல் 900 °C வரை போக வேண்டும். சூளைத் தொழில்நுட்ப நூல்களில் பயன்படும் சமன்பாடு இது:

log₁₀ P = 7.079 − 8308 / T

P வளிமண்டலத்தில், T கெல்வினில். T-க்கு 1073 போட்டுப் பாருங்கள், 0.22 வரும். இந்த எண்ணை வைத்து உங்கள் கணக்கைத் திரும்பப் போட்டால் 10 லிட்டர் கலத்துக்கு 0.025 மோல் வாயு போதும், 2.5 கிராம்தான் சிதையும், 17.5 கிராம், அதாவது 87% மிஞ்சும். 34 எங்கே, 87 எங்கே!

வெப்ப இயக்கவியல் அட்டவணையை வைத்து நீங்களே சரிபார்க்க நினைத்தால் மூன்றாவதாக ஓர் எண் வந்து குழப்பும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 25 °C-க்கான என்தால்பி மாற்றம் சுமார் 178 கிலோஜூல், என்ட்ரோபி மாற்றம் சுமார் 160 ஜூல். இவற்றை அப்படியே 1073 கெல்வினுக்குப் பயன்படுத்தினால் Kp சுமார் 0.5 என்று வரும்; ஒரு வளிமண்டலத்தை எட்டும் வெப்பநிலை 840 °C-ஐ ஒட்டி வரும். அட்டவணையில் பிழை இல்லை. 25-இலிருந்து 800 வரை போகும் வழியில் என்தால்பி மாற்றமும் என்ட்ரோபி மாற்றமும் கொஞ்சம் குறைகின்றன. வெப்ப ஏற்புத்திறன் திருத்தத்தைச் சேர்த்தால்தான் 0.22-க்குப் பக்கத்தில் வரும். அந்தச் சிறிய குறைவு ஏன் விடையை இரண்டு மடங்குக்கு மேல் மாற்றுகிறது என்றால், அது அடுக்குக்குறியில் போய் உட்காருகிறது. அதே காரணத்தால்தான் 800 °C-ஐ ஒட்டி வெப்பநிலை 10 பாகை தவறினாலே அழுத்தம் 18% மாறுகிறது.

அழுத்தம் கல்லின் அளவைப் பொறுத்தது அல்ல என்பதைப் பரிசோதனையில் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலர் ஆன்ரி தெப்ரே, 1867-இல். வெப்பநிலையை நிலையாக வைக்க அவர் கொதிக்கும் உலோகங்களின் ஆவியைப் பயன்படுத்தினார். காட்மியம் ஆவியில் அவர் கண்ட அழுத்தம் சுமார் 85 மில்லிமீட்டர் பாதரசம். அந்த ஆவியின் வெப்பநிலை 860 °C என்று அன்று நம்பினார்கள்; காட்மியம் உண்மையில் கொதிப்பது 767 °C-இல். மேலே உள்ள சமன்பாட்டில் 767-ஐப் போட்டால் 90 மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டி வருகிறது. அதாவது அந்தக் காலத்துக்கு மனிதர் அழுத்தத்தை நன்றாகவே அளந்திருக்கிறார், வெப்பநிலைதான் காலை வாரியிருக்கிறது. பின்னால் 1886-இல் லெ ஷாத்தலியே வெப்ப மின்னிரட்டை கொண்டு அளந்தபோது ஒரு வளிமண்டலத்துக்கு 812 °C என்று கிடைத்தது. 1910 வாக்கில் ஜான்ஸ்டன் அதை 898-க்குக் கொண்டுபோனார். இன்றைய எண் ஜான்ஸ்டனுடையதற்கு அருகில்தான் இருக்கிறது. பழைய பட்டியல்களுக்கும் புதியவற்றுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், எந்த Kp-யைப் பார்த்தாலும் அது எந்த வெப்பநிலைக்கு, எந்தப் பட்டியலிலிருந்து என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

இதை உண்மையிலேயே ஒரு கலத்தில் செய்து பார்க்க முடியுமா என்று சிலர் கேட்பார்கள். முடியும், ஆனால் காகிதக் கணக்கு சில இடங்களில் உதைக்கும். சாதாரண ஆய்வகக் கண்ணாடிக் குடுவை 800 °C-இல் இளகிவிடும், வெற்றிடத்தில் உள்வாங்கிக்கொள்ளும். குவார்ட்ஸ் குழாய் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் சுட்ட சுண்ணாம்பு அதன்மேல் நேரடியாகப் பட்டால் சிலிக்காவோடு சேர்ந்து கால்சியம் சிலிக்கேட் ஆகத் தொடங்கும். ஆக்சைடு இப்படி வேறு வழியில் போனால் நாம் எழுதிய வினையே மாறிவிடுகிறது. அதனால் மாதிரியை பிளாட்டினத்திலோ அலுமினாவிலோ செய்த சிறு படகில் வைத்துத்தான் உள்ளே தள்ளுவோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் குளிர்ந்த பகுதி. அழுத்தமானிக்குப் போகும் குழாய் உலைக்கு வெளியே இருக்கும். 10 லிட்டரில் 9 லிட்டர் மட்டும் 800 °C-இல், 1 லிட்டர் 27 °C-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் எங்கும் ஒன்றே, 1.16 என்றே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குளிர்ந்த ஒரு லிட்டரில் சூடான லிட்டரைப் போல மூன்றரை மடங்கு மோல்கள் அடங்கும். கணக்குப் போட்டால் சூடான பகுதியில் 0.1185, குளிர்ந்த பகுதியில் 0.0471, மொத்தம் 0.1656 மோல். சிதைந்தது 16.6 கிராம், 20-இல் மிஞ்சுவது 3.4 கிராம்தான். அழுத்தமானி ஒரு புள்ளி கூட மாறவில்லை, ஆனால் மிச்சம் பாதியாகிவிட்டது. அழுத்தத்தை மட்டும் அளந்து மிச்சத்தைக் கணக்கிடுபவர்கள் இதைத் தனியாகச் சேர்க்காவிட்டால் விடை எங்கேயோ போய்விடும்.

ஆறவைத்து எடை போட்டுப் பார்த்துவிடலாமே என்றால், அதுவும் நேராக நடக்காது. வெப்பநிலை இறங்க இறங்கச் சமநிலை அழுத்தமும் இறங்கும். வாயு மறுபடி ஆக்சைடோடு சேரத் தொடங்கும். முழுவதும் சேர்ந்துவிடுமா என்றால் இல்லை. ஆக்சைடுத் துகளின் மேல் புதிய கார்பனேட் ஒரு தோலாகப் படர்ந்ததும் உள்ளே வாயு போவது மிக மெதுவாகிவிடும், வெப்பம் குறையக் குறைய அந்த வேகமும் செத்துவிடும். கடைசியில் கையில் கிடைப்பது 800 °C-இன் மிச்சமும் அல்ல, அறை வெப்பநிலையின் மிச்சமும் அல்ல, எவ்வளவு வேகமாக ஆற்றினீர்கள் என்பதைப் பொறுத்த ஏதோ ஒன்று. சூட்டிலேயே வாயுவை உறிஞ்சி எடுத்துவிட்டு ஆற்றலாம் என்றால், உறிஞ்சும் நேரத்தில் இன்னும் கல் சிதையும்.

அப்படியானால் கலத்தைத் திறக்காமல், உள்ளே கார்பனேட் இன்னும் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சூட்டிலேயே வைத்துக்கொண்டு கொஞ்சம் வாயுவை வெளியே எடுத்து அளந்துவிட்டு, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் 20 கிராம் கலத்தில் 0.05 மோல் எடுத்தால் அழுத்தம் முதலில் 0.72-க்கு விழும், பிறகு மெல்ல ஏறி மறுபடி 1.16-இல் வந்து நிற்கும். கல் இருந்தது, இழந்ததை ஈடு கட்டியது. இப்போது மிச்சம் 1.8 கிராம். மறுபடி 0.05 மோல் எடுங்கள். இந்த முறை அழுத்தம் விழுந்து, கொஞ்சம் ஏறி, 0.88-இலேயே நின்றுவிடும், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஏறாது. கார்பனேட் தீர்ந்தது. வெளியே எடுத்த 0.1 மோலையும் உள்ளே இருக்கும் 0.1 மோலையும் கூட்டினால் நீங்கள் போட்ட 0.2 மோல் கணக்கு நேராகிவிடும். ஏறி நிற்கும் அழுத்தம் உண்மையான சமநிலைதானா, இல்லை வினை சோம்பிப்போய் நின்றதா என்ற சந்தேகம் வந்தால், கல் மிச்சமிருக்கும்போதே உலையைச் சில பாகை கூட்டி மறுபடி 800-க்கு இறக்கிப் பாருங்கள். மேலிருந்து இறங்கி வரும்போதும் கீழிருந்து ஏறி வரும்போதும் முள் ஒரே இடத்தில் நின்றால்தான் அதைச் சிதைவு அழுத்தம் என்று எழுதலாம்.